வாசலில் நிற்பவருக்கு ஒரு கடதாசி வேண்டும்

"அப்பாவுக்கு 57 வயது. திருகோணமலையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில செக்கியூரிட்டியா நிக்கிறார், காலமை 6 மணியில இருந்து பின்னேரம் 6 மணி மட்டும். அம்புலன்ஸ் வாற இடத்தில வாகனம் நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னதுக்குப் போன கிழமை ஒருத்தர் சனத்துக்கு முன்னால 'டேய்' எண்டு ஏசிப்போட்டார். முறைப்பாடு செய்தா வேலை போயிடும் எண்டு அப்பா பயப்பிடுறார். நாங்கள் என்ன செய்யலாம்?"

முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அந்த இடத்தில் வாகனம் நிறுத்தக்கூடாது என்று அவருக்குச் சொன்னது யார்? எழுத்தில் தந்தார்களா, வாயால் சொன்னார்களா? வாயால்தான் என்றால் அவருக்கு விழும் ஏச்சில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

நான் இந்தத் தொழிலில் பத்தொன்பது வருடம் இருந்தவன். ஜே.எஸ்.ஓ. என்ற கடைநிலைக் காவலாளியாகச் சேர்ந்து, கடைசி எட்டு வருடம் திருகோணமலையில் காவலாளிகளுக்குப் பொறுப்பான ஓ.ஐ.சி.யாக நின்றேன். வங்கி, களஞ்சியம், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று எல்லா வாசலிலும் ஆட்களைப் போட்டிருக்கிறேன். ஏச்சு அதிகம் விழுவது ஆஸ்பத்திரி வாசலில்தான். வங்கிக்கு வருபவர் காவலாளியின் கையில் துப்பாக்கியைப் பார்க்கிறார், ஹோட்டலுக்கு வருபவர் சந்தோசமாக வருகிறார். ஆஸ்பத்திரிக்கு வருபவரோ பயந்துகொண்டு வருகிறார். அவரை முதலில் மறிக்கும் ஆள் உங்கள் அப்பா.

ஏசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் அப்பாவுக்குத்தான் நட்டம். ஒருவர் தாயை மூச்சுத்திணறலோடு கொண்டுவந்து இறக்குகிறார். அவருடைய கத்தல் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், போகும்போது சிலர் வந்து கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்பார்கள். அவருக்குச் சட்டம் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது. கதவைத் திறந்து, தள்ளுவண்டியை இழுத்துக் கொடுத்து, ஆள் உள்ளே போன பிறகு "ஐயா, வாகனத்தை அந்தப் பக்கம் விடுங்கோ, திறப்பைத் தந்தா நானே விடுறன்" என்றால் போதும். மற்றவருக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. மருந்து எடுக்க வந்திருப்பார், அல்லது உள்ளே யாரையாவது காண வந்திருப்பார். தரிப்பிடத்தில் இருந்து நாற்பது அடி நடக்க மனமில்லை. "நான் ஆரெண்டு தெரியுமா?" என்று கேட்பவர் இவர்தான். உங்கள் அப்பாவை "டேய்" என்றவரும் இவராகத்தான் இருக்கவேண்டும். இந்த ஆளோடு பணிவு பலிக்காது, கோபமும் பலிக்காது. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்தச் சட்டம் வாசலில் நிற்பவருடைய சொந்த விருப்பம் அல்ல என்பது.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

மார்கழி மாதம், மழைக்காலம். வெளிநோயாளர் பிரிவுக்கு முன்னால் கூரை போட்ட இடம் அந்த ஒன்றுதான், அம்புலன்ஸ் வந்து திரும்புவதும் அங்கேதான். மழை பெய்தால் எல்லோருக்கும் அந்தக் கூரைக்குக் கீழேதான் நிறுத்தவேண்டும். அங்கே நின்றவர் எனக்கு மூத்தவர், முன்னாள் துறைமுகத் தொழிலாளி, ஆலஸ்தோட்டப் பக்கம் வீடு. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். பின்னேரம் ஐந்து மணியைத் தாண்டியிருக்கும். ஒரு டபுள்கெப் வந்து குறுக்காக நின்றது. அண்ணை குடையோடு போய், "ஐயா, அம்புலன்ஸ் வாற இடம், கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ" என்றார். அந்த ஆள் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, "நீ வாசலைப் பார், என்னைப் பாராதை" என்றுவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். அண்ணை இரண்டாம் தரம் தட்டினார். அந்த ஆள் இறங்கி, வரிசையில் நின்ற இருபது முப்பது பேருக்கு முன்னால், "உனக்குச் சம்பளம் தாறதே எங்கட காசிலடா" என்று தொடங்கி மற்றதெல்லாம் சொன்னார். பிறகு உள்ளே போய் முகாமையாளரைக் கண்டார். முகாமையாளர் எங்கள் ஏரியா மனேஜருக்குப் போன் எடுத்தார். ஏரியா மனேஜர் எனக்கு எடுத்தார். இத்தனையும் இருபது நிமிடத்துக்குள். எனக்கு வந்த கட்டளை ஒரு வரி: "அந்தாளை நாளைக்கு மாத்துங்கோ."

இந்தத் தொழிலில் மரியாதைக் குறைவு என்பது இதுதான். "டேய்" என்ற சொல் சுடும், அடுத்த நாள் ஆறிவிடும். ஏசினவருக்கு ஒரு போன் நம்பர் இருக்கிறது, ஏச்சு வாங்கினவருக்கு ஒன்றும் இல்லை என்பது ஆறுவதில்லை. ஆஸ்பத்திரி அவருடைய முதலாளி அல்ல, வாடிக்கையாளர். பாதுகாப்புக் கம்பனி அவருடைய முதலாளி, ஆனால் கம்பனிக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும். நடுவில் நிற்கும் ஆளை மாற்றுவதுதான் இரு பக்கத்துக்கும் செலவில்லாத வழி. ஆகவே மாற்றுகிறார்கள்.

அண்ணை அன்று தப்பியது ஒரு புத்தகத்தால். வாசலில் இருக்கும் பதிவுப் புத்தகத்தை, நாங்கள் ஒக்கரன்ஸ் புக் என்போம், அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக எழுதுவார். நான் போய்த் திறந்தேன். அதே வாகனம் முந்தின இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் அதே இடத்தில் நின்றது எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு நாள் அம்புலன்ஸ் ஒன்று வீதியிலேயே நின்று நோயாளியை இறக்கியிருந்தது, அதுவும் நேரத்தோடு இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஏரியா மனேஜருக்கு அனுப்பினேன். பிறகு நிர்வாக அலுவலரிடம் போய் இதைக் கேட்டேன்: "சேர், இந்த இடத்தில நிப்பாட்டக்கூடாது எண்டு ஆர் சொன்னது?" அவர் யோசித்தார். அவருக்கு முன்பு இருந்தவர் வாயால் சொல்லிவிட்டுப் போனது அது. ஒரு கடதாசியிலும் இல்லை. அப்படியென்றால் அன்று பின்னேரம் அண்ணை சண்டை பிடித்தது யாருடைய சட்டத்துக்காக? அந்த மனிதரும் நியாயமானவர், உடனே விளங்கிக்கொண்டார்.

அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம். ஆஸ்பத்திரியின் கடிதத் தலைப்பில், அவருடைய கையொப்பம், திகதி, முத்திரையோடு. கூரைக்குக் கீழே அம்புலன்ஸும், நோயாளியை இறக்கும் வாகனமும் மட்டும். இறக்குவதற்கு 5 நிமிடம். வைத்தியர்கள், ஊழியர்கள், நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் எவருக்கும் விலக்கு இல்லை. யாராவது மறுத்தால் காவலாளி வாக்குவாதப்படத் தேவையில்லை, வாகன இலக்கத்தை எழுதிவிட்டு இன்ன நம்பருக்கு அறிவிக்கவேண்டும், மிச்சத்தை நிர்வாகம் பார்க்கும். இதில் மிக முக்கியமானது "எவருக்கும் விலக்கு இல்லை" என்ற வரிதான். ஏனென்றால், உள்ளே இருப்பவர்களுடைய வாகனம் தினமும் அங்கே நின்றுகொண்டிருந்தால், வெளியில் இருந்து வருபவருக்கு அண்ணை சொல்வது பகிடியாகத்தான் இருக்கும். அந்த வரியை எழுதத்தான் நிர்வாக அலுவலர் தயங்கினார். அதற்கு மட்டும் இரண்டு நாள் போனது.

கடிதத்தின் ஒரு பிரதி பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அதே விஷயம் மூன்று மொழியிலும் ஒரு பலகையில், "நிர்வாகத்தின் கட்டளைப்படி" என்ற சொல்லோடு, வாகனத்தில் இருப்பவரின் கண் மட்டத்தில் மாட்டப்பட்டது. மூன்று மொழி என்பது எங்கள் ஊரில் அலங்காரத்துக்கு அல்ல. சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் தெற்கில் இருந்து சனம் வரும். அதில் சுகமில்லாமல் போகிறவர் இந்த ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வருவார். அண்ணைக்குச் சிங்களம் வேலைக்குப் போதுமான அளவு தெரியும், ஆனால் பதற்றத்தில் தடுமாறுவார். தடுமாறும் மொழியில் சட்டம் சொல்லும் ஆளை யாரும் மதிப்பதில்லை. பலகை இருந்தால் கையால் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்கலாம்.

ஏச்சு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த மழைக்கும் ஒருவர் கத்தினார். ஆனால் "மாத்துங்கோ" என்ற போன் பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் நிர்வாகம் தன்னுடைய கையொப்பத்துக்கு எதிராகத்தான் கதைக்கவேண்டி இருந்திருக்கும். அண்ணையும் மாறினார். முன்பு வாகனத்துக்குக் கிட்டப் போகும்போது தோள் குறுகும். பிறகு நேராக நடந்து போய், பலகையைக் காட்டி, ஒரு தரம் சொல்லிவிட்டு, திரும்பி வந்து எழுதத் தொடங்குவார். அவர் எழுதுவதைக் கண்டே பாதிப்பேர் வாகனத்தை எடுத்துவிடுவார்கள்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். "ஒருவர் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்" என்று எழுதுவார்கள். அந்த வரியை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்யமுடியாது. அண்ணை அன்று எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மாலை 5.20. (வாகன இலக்கம்) வெள்ளை டபுள்கெப் அம்புலன்ஸ் இடத்தில் நிறுத்தப்பட்டது. எடுக்கும்படி இரண்டு முறை சொன்னேன். சாரதி மறுத்தார். 'உனக்குச் சம்பளம் தாறதே எங்கட காசிலடா' என்றார். மருந்தகப் பிள்ளையும் பற்றுச்சீட்டு எழுதும் தம்பியும் கேட்டார்கள். 5.27 ஓ.ஐ.சி.க்குப் போனில் அறிவித்தேன். 5.45 வாகனம் எடுக்கப்பட்டது."

நேரம், இலக்கம், தான் சொன்னது, அவர் சொன்னது அப்படியே, கேட்டவர்கள், அறிவித்த நேரம். இதில் அண்ணையின் மனவருத்தம் எங்கும் இல்லை. இருந்திருந்தால் வாசிப்பவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார், "அவர் கோபக்காரர்" என்று முடித்துவிடுவார். இன்னொன்றும் பாருங்கள்: சொன்ன சொல் எவ்வளவு கூடாததாக இருந்தாலும் அதையே எழுதவேண்டும். எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டு "தகாத வார்த்தை" என்று எழுதுவார்கள். என்ன வார்த்தை என்று தெரியாமல் எந்த முகாமையாளரும் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார்.

அந்தப் புத்தகம் கம்பனியுடைய சொத்து. ஒப்பந்தம் வேறு கம்பனிக்குப் போகிற அன்று புத்தகமும் போய்விடும். அப்பா ஒவ்வொரு பதிவையும் தன் போனில் படம் எடுத்து, வீட்டில் உங்களுக்கும் அனுப்பி வைக்கட்டும். புத்தகத்தில் நோயாளிகளின் பெயர்கள் இருந்தால் அந்தப் பகுதி படத்தில் விழாமல், தன் பதிவை மட்டும் எடுத்தால் போதும்.

இனி அவருடைய பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் இல்லை. ஆனால் அவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி அவரைச் சைட்டில் இருந்து எடுக்கச் சொல்லலாம். வேலையில் இருந்து நீக்க ஆஸ்பத்திரியால் முடியாது, அதைக் கம்பனிதான் செய்யவேண்டும், அதற்கும் முறை இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களுக்கு 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், நிறுத்திய இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அப்படி ஒரு காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் தொழிலாளியின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஆகவே "நாளைக்கு வர வேண்டாம்" என்று யாராவது போனில் சொன்னால், அப்பா அழுதுகொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அடுத்த நாள் சீருடையோடு கம்பனியின் அலுவலகத்துக்குப் போய், "எனக்கு அடுத்த டியூட்டி எங்கே? நிப்பாட்டிப்போட்டீங்கள் எண்டா கடிதத்தைத் தாங்கோ" என்று கேட்கவேண்டும். போன திகதியையும் கண்ட ஆளையும் எழுதி வைக்கவேண்டும். கடிதமும் இல்லை, டியூட்டியும் இல்லை என்றால் நாள் கடத்தாமல் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. கையில் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இருந்தால் நல்லது. இரண்டும் இல்லை என்றாலும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் அவர் அந்தக் கம்பனியின் ஆள் என்பதைக் காட்டும்.

எனக்கு இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அண்ணையை மாற்றாமல் விட முடிந்த அதே வருடம், இன்னொரு வாசலில் நின்ற ஒரு தம்பியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவனுக்கு நடந்ததும் இதே கதைதான். ஆனால் அவன் ஒரு வரியும் எழுதவில்லை, சட்டமும் எழுத்தில் இல்லை. அவனைப் புல்மோட்டைப் பக்கம் ஒரு சைட்டுக்குப் போட்டார்கள். டவுனில் வீடு, கைக்குழந்தை. போய்வரும் பஸ்ஸுக்கே நாளில் பெரும் பங்கு போய்விடும். இரண்டு மாதத்தில் தானாகவே விலகினான். சட்டத்தின் கண்ணில் அவனை ஒருவரும் நீக்கவில்லை. சைட் மாற்றத்தை எதிர்த்துத் தொழில் அலுவலகத்தில் கதைக்க இடம் உண்டு, ஆனால் அது கடினமான வழக்கு. தண்டனையாகத்தான் மாற்றினார்கள் என்று காட்ட, சம்பவம் நடந்த அன்றே எழுதிய பதிவு வேண்டும்.

உங்கள் கேள்வியில் 12 மணித்தியாலம் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் விடக்கூடாது. நான் பார்த்த சண்டைகளில் அதிகமானவை டியூட்டியின் கடைசி இரண்டு மணித்தியாலத்தில் நடந்தவை. பின்னேரம் பார்வையாளர் நேரத்துச் சனமும், காலமை ஆறு மணியில் இருந்து நிற்கிற மனிதனும் ஒரே வாசலில் சந்திக்கிறார்கள். காலமை சிரித்துக்கொண்டு சொல்லும் அதே வசனம் பின்னேரம் வெட்டி விழும். ஒருவராக நிற்கும் வாசலில் இன்னொரு கஷ்டம், மலசலகூடத்துக்குப் போக ஆளில்லை. அண்ணை அதற்காகவே மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. வெயிலில் நிற்கிற அறுபதை நெருங்கிய மனிதர். தெரிந்த பிறகு, பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் உள்ளே இருக்கும் ஆள் வந்து வாசலைப் பிடிக்கவேண்டும் என்று டியூட்டிப் பட்டியலிலேயே எழுதினேன். கதிரையும் ஒன்று கேட்டு வாங்கினேன். "இருந்தால் நித்திரை கொள்ளுவினம்" என்பது அதற்குக் கிடைத்த முதல் பதில். சம்பளப் பக்கத்தில், சாதாரண வேலை நேரத்துக்கு மேல் நிற்பதற்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும். "ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகக் கணக்குப் போட்டால் அது மறைந்துபோகும், ஆகவே சீட்டில் மேலதிக நேரம் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சாரதிமாரின் நிலையும் இதற்குத் தூரமில்லை. கொழும்பில் இருந்து 260 கிலோமீற்றர் அளவு வேன் ஓட்டி வந்தவர் விருந்தாளிகளைக் கடற்கரை ஹோட்டலில் இறக்கிவிட்டு, தனக்குப் படுக்க இடமில்லாமல் ஆசனத்தைச் சரித்து வேனுக்குள் கிடப்பதை உப்புவெளியில் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். விடிய அவர்தான் திரும்பவும் அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஹபரணைக் காட்டுக்குள்ளால் ஓடவேண்டும். பயணம் பேசும்போதே சாரதிக்குப் படுக்கையும் சாப்பாடும் யார் தருவது என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் அந்த இரவு அப்படி ஆகாது. அங்கேயும் குறைவது ஒரு கடதாசிதான்.

ஒன்றை மட்டும் வேறாக வையுங்கள். யாராவது அப்பாவின் மேல் கைவைத்தாலோ, சட்டையைப் பிடித்தாலோ, "வெளியில வா பார்த்துக்கொள்ளுறன்" என்று மிரட்டினாலோ, அது புத்தகத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு கொடுத்து இலக்கத்தை வாங்கவேண்டும். காயம் இருந்தால் பொலிஸ் தருகிற படிவத்தோடு அரச வைத்தியசாலையில் காட்டவேண்டும். வேலை செய்கிற இடத்திலேயே மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. வெறும் ஏச்சு என்றால் பொலிஸுக்குப் போவதில் பலன் குறைவு. பெரும்பாலும் மத்தியஸ்த சபையில் சமாதானமாகத்தான் முடியும், அதற்குள் ஆஸ்பத்திரியோடும் கம்பனியோடும் உறவு கெட்டுவிடும்.

இப்போது போன கிழமை நடந்தது. அப்பா எழுதவில்லை என்று நினைக்கிறேன். இன்றும் எழுதலாம், ஆனால் பழைய பக்கத்தில் இடைவெளி தேடிச் செருகக்கூடாது. அது கண்டுபிடிக்கப்பட்டால் அவருடைய மற்றப் பதிவுகளையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இன்றைய திகதியைப் போட்டு, "இன்ன நாள், இன்ன நேரம் நடந்ததை இன்று பதிகிறேன்" என்று தொடங்கி, நினைவில் இருப்பதை மட்டும் எழுதட்டும். வாகன இலக்கம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதட்டும், வாசலில் கமரா இருந்தால் அதையும் குறிப்பிடட்டும். கமராப் பதிவுகள் கொஞ்ச நாளில் தானாகவே அழிந்து போகும், ஆகவே நாளைக்கே தன் ஓ.ஐ.சி. மூலம் அந்த நேரத்துப் பகுதியை எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். அதே கையோடு அந்த அரைப் பக்கக் கடிதத்தையும் கேட்கச் சொல்லுங்கள். முறைப்பாடு என்று கேட்கத் தேவையில்லை. "அம்புலன்ஸ் இடத்தைப் பற்றி எனக்கு எழுத்தில ஒரு கட்டளை தாங்கோ சேர், சனத்துக்குக் காட்ட லேசா இருக்கும்" என்று கேட்டால், அதற்கு மாட்டேன் என்ற முகாமையாளரை நான் இன்னும் காணவில்லை.